அளவு ரவிக்கைகளுக்கு விலை போட்ட மெமோ

மெமோ என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது என் சொந்தக் கடையில், என் கூட்டாளியின் வாயிலிருந்து. நாங்கள் இருவரும் உட்கார்ந்து தைக்கும் மெஷின்களுக்கு நடுவே ஒரு வெட்டுமேசைதான் இருந்தது. கை நீட்டினால் அவர் கத்தரிக்கோலை நான் எடுத்துக்கொள்ளலாம். அந்த மேசையின் மேல் ஒரு தாளை என் பக்கமாகத் தள்ளினார்.

“மெமோ,” என்றார்.

“என்னாக்கா அது?”

“ஆபீஸ்ல இப்படித்தான் கொடுப்பாங்களாம். படிச்சிட்டுப் பதில் சொல்லு.”

தாள் முழுக்க இங்கிலீஷ். டைப் அடித்தது. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை போனவள். அக்கா அதைவிட ஒரு வகுப்பு கம்மி. அனுப்பியவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது, வாங்கிக்கொண்டவளுக்கும் படிக்கத் தெரியாது. அப்படி ஒரு கடுதாசியைச் சிங்கப்பூரில் வேறு எந்தக் கடையிலாவது யாராவது கொடுத்திருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை. கீழே அக்கா தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த ஒன்றுதான் எனக்குப் புரிந்தது.

அவர் என் கூடப் பிறந்த அக்கா இல்லை. சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துச் சந்தில், ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் பலகை அடித்துப் பிரித்த அறைகளில் நாங்கள் அடுத்தடுத்து இருந்தோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு போனவர். பாதி மாதம் வேலைக்குப் போவார், மீதி மாதம் பாயில் கிடப்பார். எங்கள் வீட்டு அரிசி என் தையலில்தான் வந்தது. அக்காவிடம் ஒரு மிதி மெஷின் இருந்தது. என் சங்கிலியை அடகு வைத்து நான் ஒன்று வாங்கினேன். இரண்டையும் கீழே, அஞ்சடி நடைபாதையை ஒட்டிய கடையில் இறக்கி, வாடகையைப் பாதிப்பாதியாகப் போட்டு ஆரம்பித்தோம். பேச்செல்லாம் அக்கா, தையலெல்லாம் பெரும்பாலும் நான். எனக்கு ஆட்களைப் பார்த்துப் பேச வராது. யாராவது துணியோடு வந்தால் நான் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிடுவேன், ஏற்கெனவே கோத்திருந்தாலும்.

பத்து வருஷம் நன்றாகத்தான் போனது. பக்கத்திலிருந்த தேக்கா பாசாருக்கு வரும் பெண்கள் காய்கறிக் கூடையோடு நேராக எங்களிடம் வருவார்கள். அந்தக் காலத்துப் பெண்கள் டேப்பை மேலே சுற்றவிட மாட்டார்கள், பெண் தையல்காரியாக இருந்தாலும்கூட. நன்றாகப் பொருந்தும் பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்து, இதை அளவு வைத்துத் தை என்பார்கள். அடிக்கடி தைப்பவர்கள் அந்த அளவு ரவிக்கையை எங்களிடமே விட்டுவிடுவார்கள். அப்படி விட்டவை ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துணித்துண்டில் ஆளின் அடையாளம் எழுதித் தைத்திருந்தோம். ‘பால்காரர் வீடு’, ‘மாடியில் மூன்றாவது’, ‘மூக்குத்தி டீச்சர்’. பெட்டியைத் திறக்கும்போது ஆண்கள் யாராவது கடையில் நின்றால் அக்கா அவர்களை வெளியே போகச் சொல்லிவிடுவார். அந்த அளவுக்குக் கௌரவமான பெட்டி அது.

கெடுத்தவர் அக்காவின் வீட்டுக்காரர். அத்தான் என்றுதான் நான் கூப்பிட வேண்டும், கூப்பிட்டது குறைவு. ஏதோ ஓர் ஆபீஸில் கிராணி, கடுதாசி எழுதும் குமாஸ்தா. சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்றில்தான் மை இருந்தது என்று அக்காவே சொல்லிச் சிரித்திருக்கிறார். மலேசியாவிலிருந்து நாடு தனியாகி, ஜூரோங் பக்கம் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அத்தான் ஒருநாள் வேலை முடிந்து கடைக்குள் வந்து, உட்காராமல் நின்றபடியே பேச ஆரம்பித்தார்.

“இனிமே ஒவ்வொருத்தருக்கா உக்காந்து தைக்கிற காலம் போச்சு. ஃபேக்டரிக்கு யூனிஃபார்ம் வேணும். குவீன்ஸ்டவுன்ல அடுக்குமாடிக்குக் கீழ கவர்மெண்ட்ல கடை குடுக்குறான். கரண்ட் மெஷின் போடுவோம். நாலு பொண்ணுங்கள வேலைக்கு வைப்போம். ஜாக்கெட்டையும் ரெடிமேடா அடிச்சுத் தொங்கவிடுவோம்.”

“ஜாக்கெட்ட எப்படிங்க ரெடிமேடா அடிப்பீங்க?” அக்காதான் கேட்டார்.

“மூணு சைஸ். சின்னது, நடுத்தரம், பெரிசு. அவ்வளவுதான்.”

தேக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்று பார்த்திருந்தால் இந்த மனுஷர் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். ஒரே பெண்ணுக்கே பிள்ளை பெறுவதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று நாங்கள் அளவு மாற்றிக்கொண்டிருந்தோம். இவர் ஊரிலுள்ள எல்லாப் பெண்களையும் மூன்று கொக்கியில் மாட்டிவிட்டார். அதிசயம் என்னவென்றால், அக்கா மறுவாரமே அதே பாட்டைப் பாடினார்.

“நீ ஒரு ஜாக்கெட் தைக்கிற நேரத்துல கரண்ட் மெஷின்ல ஒம்பது சட்டை போயிரும், தங்கச்சி.”

“யாருக்குக்கா போகும்?”

“யாரோ போட்டுக்குவாங்க. நமக்கென்னா?”

நமக்கென்னா என்ற அந்தப் பேச்சில்தான் நாங்கள் பிரிந்தோம் என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் பல மாதம் வெட்டுமேசைக்கு அந்தப் பக்கம் ஒரு கடை, இந்தப் பக்கம் ஒரு கடை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு கொக்கி கட்டிக்கொண்டிருந்தேன். அப்படியிருக்கும்போதுதான், அத்தான் தன் ஆபீஸில் டைப் அடித்த அந்த மெமோ வந்தது.

எங்கள் சந்து முனையில், அஞ்சடியில் மேசை போட்டு, மனு எழுதிக் கொடுக்கும் பாய் ஒருவர் இருந்தார். டைப் மெஷினும் மைக்கூடும் வைத்திருப்பார். குடியுரிமை மனுவிலிருந்து வீட்டுச் சண்டை வரைக்கும் எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும். அவரிடம் தாளைக் கொடுத்தேன். பாய்க்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் தன் குரலும் எட்டாது என்று நினைத்துக்கொண்டு எதையும் எதிர்க்கடைக்குக் கேட்கும்படிதான் படிப்பார். மெதுவாகப் படியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் என்ன என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். நல்லவேளை, சொல்லவில்லை.

“ரெண்டு பங்காளிக்குள்ள வந்திருக்கிற கருத்து வேற்றுமைய முன்னிட்டு,” என்று தமிழாக்கிக்கொண்டே ஆரம்பித்தார் பாய். “பங்காளின்னா யாரும்மா?”

“நாங்கதான்.”

“ம். ஒண்ணு. இந்த மாசக் கடைசியோட நீ கூட்டுல இருந்து விலகிக்கணும். ரெண்டு. மெஷின், துணி, லைனிங், பட்டன் எல்லாத்துக்கும் இன்னைய விலை போட்டு, துணிக்கடைக்குக் கொடுக்க வேண்டிய கடனக் கழிச்சு, மிச்சத்துல பாதி உனக்கு. மாசாமாசம் தவணையா தருவாங்க. மூணு. குட்வில். அப்படின்னா கடையோட நல்ல பேரு. அதுக்கும் ஒரு தொகை போட்டிருக்காங்க. பேர் அவங்களுக்கே. நாலு. தேக்கால இருந்து சிராங்கூன் ரோட்டுக் கோடி வரைக்கும் மூணு வருஷத்துக்கு நீ கூலிக்குத் தைக்கக் கூடாது.”

நான் பஸ் ஏறி வேறெங்கே போய்த் தைப்பேன்? பாயில் கிடக்கும் மனிதரை விட்டுவிட்டு எங்கே போவேன்? அந்த ரோட்டை விட்டால் எனக்கு ஊரில் ஒரு வாடிக்கைக்காரி கிடையாது. வேறு ரோட்டில் கடை போட்டு, வாங்க வாங்க என்று கூப்பிடும் வாயும் கிடையாது. அதெல்லாம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

“அஞ்சு,” என்றார் பாய், குரலை இன்னும் ஏற்றி. “கடையில இருக்கிற பழைய மாதிரி ஜாக்கெட்டுங்க எல்லாம் கடையோட சொத்து. மூணு சைஸ் அளவு நிர்ணயம் பண்றதுக்கு அதெல்லாம் தேவைப்படுது. உபயோகிச்ச துணின்னு ஒண்ணுக்கு முப்பது காசு விலை. அதுலயும் பாதி உன் கணக்குல வரவு வச்சிருக்காங்க. பரவால்லையே, எழுதினவரு நியாயமான ஆளாத்தான் இருக்காரு.”

நியாயமான ஆள். ஊரார் வீட்டுப் பெண்கள் உடுத்திய ரவிக்கையை எண்ணி, விலை போட்டு, அதில் பாதியை எனக்குக் கொடுக்க வந்த நியாயவான்.

“ஆறு. ஏழு நாளுக்குள்ள பதில் சொல்லாட்டி சம்மதம்னு எடுத்துக்குவாங்களாம்.”

இந்த ஆறாவதுதான் என்னைச் சுட்டது. நான் வாய் திறக்க மாட்டேன் என்பது அக்காவுக்குத் தெரியும். என் கூச்சத்தையே ஒரு விதியாக எழுதி, அதன் கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்.

பாய் கண்ணாடியைக் கழற்றினார். “இது செல்லாதும்மா. வாய மூடிட்டு இருந்தா சம்மதம்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. கையெழுத்துப் போட்டாத்தான் கட்டுப்படும். இன்னொண்ணு கேளு. நல்ல பேருக்குக் காசு வாங்கினா, பக்கத்துலயே நீ கடை போடக் கூடாதுன்னு அவங்க கேட்கத்தான் செய்வாங்க. பேர வித்துட்டு நீயே எதிர்ல உக்காந்தா வாங்கினவனுக்கு என்னா மிச்சம்? மூணும் நாலும் ஒண்ணோட ஒண்ணு கட்டினது.”

நான் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு கூடை தரையில் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பினேன். பால்காரர் வீட்டு அம்மா. ஊருக்கு மணியார்டர் எழுத வந்து வரிசையில் நின்றிருக்கிறார். கூடையிலிருந்து உருண்ட கத்தரிக்காயை அவர் எடுக்கக்கூட இல்லை.

“என்னா சொன்னீங்க பாய்? எதுக்கு முப்பது காசு?”

பாய்க்கு ஒருவர் கேள்வி கேட்டால் போதும். அஞ்சாவதை முதலிலிருந்து மறுபடி படித்துக் காட்டினார்.

மறுநாள் காலையில் நான் கடைக்குப் போகும்போதே வாசலில் பெண்கள் நின்றார்கள். சண்டைக்கு வந்தவர்கள் சாதாரணமாகக் கையை வீசிக்கொண்டு வருவார்கள். இவர்கள் எல்லோரும் கையில் பை கொண்டு வந்திருந்தார்கள்.

“பெட்டியத் திற,” என்றார் பால்காரர் வீட்டு அம்மா.

“எதுக்குங்க? என்னா விஷயம்?” என்றார் அக்கா.

“என் ஜாக்கெட்ட உன் வீட்டுக்காரர் எண்ணிப் பார்த்தாராமே? அதான் விஷயம்.”

“ஐயோ, அவரு பெட்டியத் தொடவே இல்லக்கா. நான் எண்ணிச் சொன்னேன், அவரு எழுதினாரு. அவ்வளவுதான் லா!”

“அதாவது உக்காந்து ஒவ்வொண்ணா அவர்கிட்ட சொன்னியா? பால்காரர் வீடு, பெரிசுன்னு?”

யாரோ சிரித்தார்கள். பால்காரர் வீட்டு அம்மா உண்மையிலேயே பெரிய ஆள்தான். சிரித்தவரை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு நின்றது.

மூக்குத்தி டீச்சர் மெதுவாகத்தான் பேசுவார். அதுதான் இன்னும் மோசம். “நான் குடுத்தது மாதிரிக்கு. நீங்க விக்கிறதுக்கு இல்ல. என் ஜாக்கெட்ட உங்க சொத்துன்னு எழுதுறதுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?”

“அது சும்மா ஆபீஸ் பாஷை டீச்சர்...”

“அப்ப ஆபீஸ்லயும் எல்லாரும் பார்த்திருக்காங்களா?”

அந்த நேரம் பார்த்து அத்தான் வந்து சேர்ந்தார். வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்க வந்தவர், நிலைமையைப் பார்த்ததும் திரும்பியிருக்கலாம். திரும்பினால் அவர் கிராணி இல்லையே. கையை உயர்த்திக்கொண்டு, கூட்டத்தில் பேசுகிறவர் மாதிரி ஆரம்பித்தார்.

“அம்மாமார்களே, இதுல வெட்கப்படுறதுக்கு ஒண்ணுமில்ல. சராசரி எடுக்கிறதுக்காக மட்டும்தான். உங்க எல்லாருடைய அளவையும் கூட்டி, வகுத்து...”

அவரை வகுக்க விடவில்லை. மாடியில் மூன்றாவது வீட்டுப் பெண், அதுவரை என்னைப் போல வாய் திறக்காதவள், “முதல்ல உங்க வேட்டிய எல்லாம் கொண்டாந்து இங்க போடுங்க, நாங்க கூட்டி வகுத்துத் தர்றோம்,” என்றாள். அத்தான் வேட்டி கட்டுகிறவர் இல்லை, கால்சட்டைக்காரர். ஆனாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அப்படியே பஸ்ஸைப் பார்த்துப் போனவர்தான்.

நான் பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, துணித்துண்டைப் பார்த்து, மடித்தபடியே அவரவர் பையில் போட்டேன். மத்தியானம் வரைக்கும் ஆள் வந்தது. வந்தவர்களும் பெரிய யோக்கியர்கள் என்று சொல்ல மாட்டேன். போன தீபாவளிக்குத் தைத்த கூலியை இன்னும் கொடுக்காதவர்கள் இரண்டு பேர், மானம் போயிற்று என்று அழுதுகொண்டே ரவிக்கையை வாங்கிப் போனார்கள். கூலியைப் பற்றி மூச்சு விடவில்லை. மானத்துக்கு அவசரம், கூலிக்கு அவசரமில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். “நீதானே பாய்கிட்ட குடுத்துப் படிக்க வச்ச?”

“எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதே அக்கா. உங்களுக்கும் தெரியாது.”

அக்கா தன் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்ததை முழுக்கக் கேட்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. நாலாவது விதி அவருக்குத் தெரியும். அதை அவரும் விரும்பித்தான் போட்டார். அஞ்சாவது ஏதோ கணக்கு என்று மட்டும் நினைத்திருக்கிறார். அதனால் அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை.

ஏழு நாள் முடிவதற்குள் நானும் ஒரு மெமோ கொடுத்தேன். பாய் டைப் அடித்தார். நான் சொன்னது கொஞ்சம்தான். குட்வில் காசு எனக்கு வேண்டாம். கடைப் பேரை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அதனால் நாலாவது விதி வேண்டாம். அஞ்சாவதுக்கு இனி வேலையில்லை. என் மெஷின் எனக்கு, மற்றச் சாமானில் என் பாதியைத் தவணையாகத் தரட்டும். துணிக்கடைக் கடனை அக்கா ஏற்றுக்கொண்டதாகத் தனியாக எழுதித் தர வேண்டும். கடைப் பதிவிலிருந்து என் பேரை எடுத்து, துணிக்கடைக்காரருக்கும் நேரில் சொல்லிவிட வேண்டும். இந்தக் கடைசி இரண்டும் பாய் சொல்லிக் கொடுத்தவை. “பேர் உள்ள இருந்தா நாளைக்கு அவங்க வாங்குற கடனுக்கும் உன்னையத்தான் தேடி வருவான்,” என்றார்.

அத்தானுக்கு ஒரே சந்தோஷமாம். வாடிக்கையெல்லாம் பையோடு போன பிறகு குட்வில்லுக்கு யார் காசு கொடுப்பார்கள்? அதை நானே வேண்டாம் என்று விட்டதால், தங்கச்சிக்கு வியாபாரம் தெரியவில்லை என்று அக்காவிடம் சொன்னாராம். மாதக் கடைசியில் வக்கீல் ஆபீஸுக்குப் போனோம். அங்கே குமாஸ்தா எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினார். மெதுவாகத்தான் படித்தார். நான்தான் இன்னொரு தரம் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அந்நிய மனிதர் ஒருவரிடம் வாய் திறந்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

சாமான் பிரிக்கும் அன்று தகரப் பெட்டியை அக்கா கேட்டார். குவீன்ஸ்டவுன் கடையில் பட்டன் போட்டு வைக்கலாம் என்றார். காலியாகத்தான் இருக்கும் என்று திறந்தேன். அடியில் ஒரு ரவிக்கை கிடந்தது. துணித்துண்டு இல்லை. அடையாளம் எழுதத் தேவையில்லாத ஒரே ரவிக்கை அது. அக்காவுடையது. ஆரம்பித்த நாளிலிருந்து அவர் ரவிக்கைகளை நான்தான் தைப்பேன். அவர் தோளில் ஒன்று கொஞ்சம் இறங்கியிருக்கும். மெஷினில் குனிந்தே அப்படி ஆனது.

நான் அதை எடுத்து என் பையில் வைத்தேன். அக்கா பார்த்துவிட்டார்.

“அதுக்கும் முப்பது காசுதானா அக்கா?” என்று கேட்டேன்.

“போடி,” என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் லாரியில் வைத்தார்.

என் மெஷினை மாடிக்கு ஏற்றி ஜன்னலோரம் போட்டேன். கடைப் பலகை கிடையாது, பேரும் கிடையாது. பெண்கள் படியேறி வந்தார்கள். ரவிக்கையை மட்டும் அதற்கப்புறம் யாரும் விட்டுப் போகவில்லை. நான் அளவு எடுக்கும்வரை பக்கத்தில் நின்று, கையோடு வாங்கிப் போனார்கள். என்னைத் திட்டாமல், அக்காவைத் திட்டிக்கொண்டே என்னையும் நம்பாமல் போனார்கள். போகட்டும், அரிசிக்கு வந்தது.

அக்காவின் யூனிஃபார்ம் ஓடியது. சட்டை மூன்று சைஸில் எவருக்கும் பொருந்தும் போலிருக்கிறது. மூன்று சைஸ் ரவிக்கைகள் மட்டும் வெகுநாள் தொங்கிக்கொண்டிருந்தனவாம். அதே வருஷம் தீபாவளிக்கு முன்னால், குவீன்ஸ்டவுன் கடையில் வேலை செய்யும் ஒரு பெண் படியேறி வந்து ஒரு பொட்டலம் கொடுத்தாள். உள்ளே ஒரு ரவிக்கைத் துணியும் லைனிங்கும் கூலிப் பணமும் இருந்தன. கடுதாசி எதுவும் இல்லை.

“அளவு எங்கம்மா?” என்று கேட்டேன்.

“உங்ககிட்டயே இருக்குன்னாங்க,” என்றாள்.

நான் பையைத் திறந்து எடுத்தேன். மூன்றாம் நாள் தைத்து அனுப்பினேன். கரண்ட் மெஷினிலும் குனிந்துதானே தைக்க வேண்டும், அந்தத் தோளை இன்னும் கொஞ்சம் இறக்கியிருந்தேன்.